மைலில் காட்டும் வாட்ச், ‘அழுத்தம்’ என்று சொல்லும் ஆப்

காட்பாடி காந்தி நகரில் எழுபதைத் தாண்டிய ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் இருக்கும் மகள் லீவுக்கு வந்தபோது கையில் கட்டும் ஃபிட்னஸ் வாட்ச் ஒன்றை வாங்கி வந்து, தன் போனிலேயே கணக்குத் தொடங்கி, பிறகு அப்பாவின் போனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். டாக்டர் சொன்னது தினமும் நாலு கிலோமீட்டர் நடை. முக்கால் மணி நேரம் நடந்துவிட்டு வாட்சைப் பார்த்தால் 2.50 என்று நிற்கிறது. மறுநாள் நாலு வரும்வரை நடக்கிறார். ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம் ஆகிறது, முட்டி பிடித்துக்கொள்கிறது. அன்று ராத்திரி போனில் பேச்சு இப்படிப் போகும்:

“இன்னாமா இது, நாலு வர்றதுக்குள்ள காலு போயிடுது.”

“அந்த நம்பர் பக்கத்துல என்ன எழுத்து இருக்கு, பார்த்துச் சொல்லுங்கப்பா.”

“எம், ஐ. நிமிஷம் இல்லியா அது?”

இல்லை. அந்த “mi” மைல். நிமிஷத்துக்கு “min” என்று போடுவார்கள், மீட்டருக்கு வெறும் “m”. மூன்றும் பொடி எழுத்தில், பெரிய எண்ணின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு மைல் என்பது 1.609344 கிலோமீட்டர். முதல் நாள் அவர் நடந்த 2.50 மைல் 4.02 கிலோமீட்டர். டாக்டர் சொன்னதை அன்றே முடித்துவிட்டார். மறுநாள் நடந்த 4.00 மைல் 6.44 கிலோமீட்டர்.

மைல் நமக்குப் புதிதல்ல. எடை அளவுச் சட்டம் 1956-இல் வந்து மெட்ரிக் முறை வழக்கத்துக்கு வரும்வரை வட ஆற்காட்டுச் சாலைகளில் மைல்கல்தான். இன்றைக்கும் பெரியவர்கள் வாயில் பர்லாங்கும் மைலும் வரும். எட்டு பர்லாங் ஒரு மைல் என்று இங்கிலாந்தில் 1593-இல் ஒரு சட்டம் போட்டு நிலைநிறுத்தினார்கள். கார்மின் வாட்சில் அலகு மாற்றப் போனால் “Metric”, “Statute” என்று கேட்பது அதனால்தான். அந்த “Statute” சட்டப்படியான மைலைக் குறிக்கிறது. மைலைத் தெரிந்தவருக்கும் அந்த வார்த்தை மைலை நினைவூட்டாது. நமக்கு வேண்டியது “Metric”.

மாற்றும் இடம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சாம்சங் ஹெல்த் ஆப்பில் மேலே இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு “Settings” போனால் “Units of measure” என்று வரும், அதற்குள் தூரத்துக்குத் தனியாக ஒரு வரி இருக்கும். ஃபிட்பிட்டில் செட்டிங்ஸுக்குள் “Date, time & units” என்ற பகுதியில் தூரத்தின் பெயர் “Length”. “Distance” என்று தேடினால் கிடைக்காது. கார்மின் வாட்சிலேயே மாற்ற “Settings”, “System”, “Format”, “Units” என்று உள்ளே இறங்கிக்கொண்டே போக வேண்டும். ஆப்பை அப்டேட் செய்யும்போது இந்த வழிகள் இடம் மாறலாம். ஆனால் “Unit” என்ற சொல் எங்காவது இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

இதில் பலர் தடுக்கி விழுவது ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறிவிடும் என்று நம்புவதில்தான். ஆப்பிள் வாட்ச் வைத்திருப்பவர் ஐபோனில் “Language & Region” போய் “Measurement System” என்பதை மாற்றுவார். நடந்துவிட்டு மணிக்கட்டைப் பார்த்தால் அங்கே மைல் அப்படியே இருக்கலாம். வாட்சின் சொந்த செட்டிங்ஸில் “Workout” என்பதற்குள் “Units of Measure” தனியாக இருக்கிறது. ஹெல்த் ஆப்பில் நடைத் தூரத்தின் பக்கத்தைத் திறந்து அடிவரை தள்ளினால் “Unit” என்று இன்னொன்று இருக்கிறது. ஒரே நடையை மூன்று திரைகள் மூன்று முடிவுப்படி காட்ட முடியும். ஃபிட்பிட் மாதிரி கருவியில் சிக்கல் வேறு: ஆப்பில் மாற்றியது வாட்சுக்குப் போய்ச் சேர ஒரு தடவை சிங்க் ஆக வேண்டும். ப்ளூடூத் அணைந்திருந்தால் ஆப்பில் கிலோமீட்டர், கையில் மைல். மாற்றிய கையோடு ஆப்பின் முதல் பக்கத்தைக் கீழே இழுத்து விட்டு, சிங்க் முடிந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் போனை வைக்க வேண்டும்.

போனின் நாட்டையே மாற்றிவிடுவது சுலபமான குறுக்குவழியாகத் தோன்றும். நான் அதைச் சொல்ல மாட்டேன். காரணம் நம் வீட்டில் அளவுகள் கலந்து கிடக்கின்றன. தூரம் கிலோமீட்டரில், எடை கிலோவில், உயரம் மட்டும் அடி அங்குலத்தில், காய்ச்சல் ஃபாரன்ஹீட்டில். “நூத்தி ரெண்டு அடிக்குது” என்றால் எந்த வீட்டிலும் புரியும், 38.9 என்றால் தெர்மாமீட்டரைத் திருப்பிப் பார்ப்பார்கள். இதைவிடக் கவலை தருவது சர்க்கரை. நம் லேப் ரிப்போர்ட்டில் அது “mg/dL”, பிரிட்டன் போன்ற நாடுகளில் “mmol/L”. 126 என்பது அங்கே 7.0. ஆப்பில் சர்க்கரை அளவைக் குறித்து வைக்கும் பழக்கம் உள்ளவர் போனின் நாட்டை மாற்றினால் அந்த எண்ணும் மாறி நிற்க வாய்ப்புண்டு. ஏழு என்று பார்த்துப் பதறக் கூடாது. தூரத்தின் அலகை மட்டும் தனியாக மாற்ற வழியிருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள்.

இனி மாற்றிய பிறகு என்ன ஆகிறது என்று பார்ப்போம். பெரும்பாலான ஆப்கள் தூரத்தை உள்ளுக்குள் ஒரே அலகில் சேமித்து வைத்திருக்கின்றன. மைலும் கிலோமீட்டரும் திரையில் காட்டும்போது போடும் சட்டை மட்டுமே. அதனால் போன மாதத்து நடைகளும் சேர்ந்து கிலோமீட்டருக்கு மாறிவிடும், எதுவும் அழியாது. ஆனால் சில எண்கள் அலகோடு சேர்ந்து மாறாது.

காந்தி நகர்க்காரரின் அந்த முதல் நாள் நடையையே எடுத்துக்கொள்வோம். 45 நிமிஷம், 2.50 மைல். வாட்ச் ஒவ்வொரு மைலுக்கும் ஒரு சுற்று என்று தானாகவே குறித்திருக்கிறது: முதல் மைல் 17:30, இரண்டாவது 18:10, கடைசி அரை மைல் 9:20. சராசரி 18:00. கிலோமீட்டருக்கு மாற்றியதும் மொத்தத் தூரம் 4.02 என்று வரும், சராசரி 11:11 என்று வரும். இரண்டும் சரி. கீழே சுற்றுகளைப் பார்த்தால் 1.61, 1.61, 0.80 என்று நிற்கும். இதைப் பார்த்துத்தான் வாட்ச் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். கெடவில்லை. சுற்று என்பது நடக்கும்போதே வெட்டிப் போட்ட துண்டு. பிறகு அதன் நீளத்தை வேறு அலகில் சொல்லலாம், வெட்டிய இடத்தை நகர்த்த முடியாது. கார்மினில் “Auto Lap” என்று ஒரு தனி செட்டிங் இருக்கிறது. அதில் எத்தனை தூரத்துக்கு ஒரு சுற்று என்று இருக்கிறதைத் திறந்து பார்த்து 1 கிலோமீட்டர் என்று வைத்தால், நாளைய நடை முதல் முழு கிலோமீட்டராக வெட்டும். இல்லையென்றால் நாளைக்கும் கை அதிர்வது 1.61-ஆவது கிலோமீட்டரில்தான். நடையையும் ஓட்டத்தையும் பதிந்து பகிரும் ஸ்ட்ராவா ஆப்பில் இதே நடையைப் பார்த்தால் குழப்பம் குறைவு. அங்கே “Splits” என்பதை ஜிபிஎஸ் தடத்திலிருந்து, பார்ப்பவர் வைத்திருக்கும் அலகுப்படி புதிதாகக் கணக்கிட்டுக் காட்டுகிறார்கள். மகள் அங்கே மைலில் பார்ப்பாள், அப்பா இங்கே கிலோமீட்டரில் பார்ப்பார், நடை ஒன்றுதான்.

அடுத்து தினசரி இலக்கு. மகள் 2.5 மைல் என்று வைத்திருந்தால் நல்ல ஆப் அதை 4.02 ஆக்கும். எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு அலகை மட்டும் மாற்றும் ஆப்பும் இருக்கலாம். அப்போது இலக்கு 2.5 கிலோமீட்டராகச் சுருங்கி, பாதி வழியிலேயே வாட்ச் பட்டாசு வெடித்து வாழ்த்தும். இலக்குப் பக்கத்தை ஒரு தடவை திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

அலகு மாற்றும்போதுதான் ஒரு பழைய தப்பும் வெளியே வரும். கணக்குத் தொடங்கும்போது எடை கேட்கும் கட்டத்தில் ஓரமாக “lb” என்று இருக்கும். அதைப் பார்க்காமல் அப்பாவின் எடை 72 என்று மகள் தட்டியிருந்தால், ஆப் அவரை 72 பவுண்டு ஆளாக எடுத்துக்கொள்ளும். மைலிலேயே ஓட்டிக்கொண்டிருந்தவரை அது கண்ணில் படாது. மெட்ரிக்குக்கு மாற்றியதும் எடை 32.7 கிலோ என்று நிற்கும். பத்து வயதுப் பிள்ளையின் எடை அது. உடல் நிறை குறியீடு எனும் “BMI” 11.6 என்று வரும், உண்மையில் ஐந்தடி ஆறு அங்குல உயரத்துக்கு 25.6 வர வேண்டும். நடையில் செலவாகும் கலோரியை ஆப் எடையை வைத்துத்தான் கணக்கிடுகிறது, அதனால் இத்தனை நாளும் காட்டிய கலோரி பாதிக்கும் கீழே. 72 கிலோ என்று திருத்தினால் இனிமேல் வருவது சரியாகும். பழைய நாட்களின் கலோரி பெரும்பாலும் பழைய கணக்கிலேயே நின்றுவிடும், அதை மறந்துவிடுவதே நல்லது.

நோட்டில் எழுதி வைத்த எண்களை எந்த ஆப்பும் மாற்றாது. மைலில் எழுதி வைத்ததை மனக்கணக்காக மாற்ற ஒரு வழி: எண்ணோடு அதில் பாதியைக் கூட்டு, பிறகு முதல் எண்ணின் பத்தில் ஒன்றைக் கூட்டு. 2.5-உம் 1.25-உம் 0.25-உம் சேர்ந்தால் 4. நடைக்கு இந்தத் துல்லியம் தாராளம்.

இதுவரை அலகு. பெயர்களின் கதை இதைவிடச் சிக்கலானது.

போனைத் தமிழுக்கு மாற்றினால் ஆப்பும் தமிழில் வரும் என்று செய்து பார்க்கிறார்கள். நல்ல விஷயம்தான். வாட்ச் பெரும்பாலும் போனின் மொழியையே பின்பற்றும், அந்த மொழி வாட்சில் இல்லையென்றால் ஆங்கிலத்திலேயே நிற்கும். போனில் தமிழ்ப் பெயர், கையில் ஆங்கிலப் பெயர் என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிவரும். அங்கேதான் தமிழாக்கம் காலை வாருகிறது.

முதலில் “Pace”, “Speed”. தமிழில் இரண்டும் வேகம்தான், வேறு நல்ல சொல் வழக்கில் இல்லை. ஆனால் இரண்டும் எதிர்த் திசையில் ஓடும் எண்கள். “Speed” கூடினால் வேகம் கூடியது. “Pace” என்பது ஒரு கிலோமீட்டரைக் கடக்க எத்தனை நிமிஷம் ஆனது என்பது, அது குறைந்தால்தான் வேகம் கூடியது. நம் நடையில் ஒன்று 5.36, இன்னொன்று 11:11. இரண்டுக்கும் தலைப்பு ‘வேகம்’ என்று இருந்தால் எது எது? நடுவில் இருக்கும் குறியைப் பாருங்கள். இரட்டைப் புள்ளி இருந்தால் அது நேரம், அதாவது “Pace”. ஒற்றைப் புள்ளி இருந்தால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர். அலகை மாற்றிய நாளில் 18:00 இருந்த இடத்தில் 11:11 வந்து நிற்கும், ஒரே ராத்திரியில் கால் வேகம் பிடித்துவிட்டது போலத் தோன்றும். பக்கத்தில் “/mi” போய் “/km” வந்திருக்கும், அவ்வளவுதான் மாற்றம்.

இரண்டாவது, எனக்கு உண்மையிலேயே பயம் தருவது, ‘அழுத்தம்’. ஆங்கிலத்தில் “Stress” என்று இருப்பது தமிழில் மன அழுத்தம். சின்னத் திரையில் இடம் போதாமல் ‘அழுத்தம்’ என்று மட்டும் நின்றால், வேலூரில் எந்த வீட்டிலும் அது பிரஷர் என்றே படிக்கப்படும். பிரஷர் மாத்திரை போடுகிறவர் ‘அழுத்தம் 34’ என்று பார்த்தால் என்ன நினைப்பார்? இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது என்று ஒரு வேளை மாத்திரையை விட்டுவிடலாம். ‘அழுத்தம் 82’ என்று பார்த்தால் கீழ் அளவு சரியாக இருக்கிறது என்று நிம்மதியாகலாம். இரண்டும் தப்பு. அந்த எண் துடிப்புகளுக்கு இடையே உள்ள நேர வித்தியாசத்திலிருந்து வாட்ச் ஊகித்துச் சொல்லும் ஒரு மதிப்பெண். இரத்தக் குழாயின் அழுத்தத்தை அது தொடவே இல்லை.

இதிலும் கம்பெனிக்குக் கம்பெனி திசை மாறுகிறது. கார்மினில் இந்த மதிப்பெண் 0 முதல் 100 வரை, 25 வரை ஓய்வு, 76 முதல் கடும் அழுத்தம். கூடினால் மோசம். ஃபிட்பிட்டில் “Stress Management Score” என்று ஒன்று வைத்திருந்தார்கள், அது 1 முதல் 100 வரை, கூடினால் நல்லது. கணவன் கையில் ஒன்று, மனைவி கையில் இன்னொன்று என்று இருந்து, இருவரும் 80 என்று ஒப்பிட்டுப் பேசினால் ஒருவருக்கு நல்ல நாள், இன்னொருவருக்குக் கெட்ட நாள்.

இரத்த அழுத்தம் என்றால் எப்போதும் இரண்டு எண்கள், நடுவில் சாய்கோடு, பக்கத்தில் “mmHg”. 130/80 மாதிரி. ஒற்றை எண்ணாக நிற்கும் எதுவும் பிரஷர் இல்லை. வாட்சில் பிரஷர் பார்க்கும் வசதியும் சிலவற்றில் உண்டு. சாம்சங் கேலக்ஸி வாட்சில் அதற்குக் கையில் பட்டை சுற்றிக் காற்றடிக்கும் மெஷினோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும், அதுவும் 28 நாளுக்கு ஒரு தடவை. அப்படி எதுவும் கேட்காமல், கட்டியவுடன் 120/80 என்று காட்டும் மலிவு வாட்சின் எண்ணை வைத்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

இந்த அழுத்தக் குழப்பம் சீன மொழி பேண்டில் இன்னும் கூடும். அங்குள்ள சந்தைக்கென்று செய்த பேண்ட் விலை குறைவு என்று ஆன்லைனில் வாங்கிவிடுகிறார்கள், திறந்தால் எல்லாம் சீன எழுத்து. சீனத்தில் “压力” என்ற ஒரே சொல் மன அழுத்தத்துக்கும் பௌதிக அழுத்தத்துக்கும் பொது. யாரிடமாவது பொருள் கேட்டால் அழுத்தம் என்றே சொல்வார்கள், தப்பும் இல்லை. இரத்த அழுத்தத்துக்கு அவர்கள் எழுதுவது “血压”. இரண்டிலும் “压” இருக்கிறது. ஆனால் முன்னால் “血” இருக்கிறதா என்பதுதான் கேள்வி, அது இரத்தம். அதே “血” வைத்துத் தொடங்கும் “血氧” இரத்த ஆக்ஸிஜன், நம் ஆப்களில் “SpO2” என்று இருப்பது.

தூரத்திலும் இதே மாதிரி ஒரு இரட்டைப் பிறவி இருக்கிறது. “公里” கிலோமீட்டர், “英里” மைல். பின்னால் இருக்கும் எழுத்து ஒன்றே, முன்னால் இருப்பதுதான் வேறு. பேண்டை ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டுமானால் பல் சக்கரப் படத்தைத் தேடுங்கள், அதன் பெயர் “设置”. அதற்குள் “语言” என்பது மொழி, “单位” என்பது அலகு. மொழிப் பட்டியலைத் திறந்துவிட்டால் பிறகு கவலையில்லை. பெரும்பாலும் ஒவ்வொரு மொழியின் பெயரும் அந்தந்த மொழியிலேயே எழுதப்பட்டிருக்கும், “English” என்பது கண்ணில் படும். பேண்டில் மொழிப் பட்டியலே இல்லையென்றால் அதை இணைத்திருக்கும் போனின் மொழியை ஆங்கிலமாக்கிவிட்டு மறுபடியும் சிங்க் செய்து பாருங்கள். பல பேண்டுகள் அதில் வழிக்கு வந்துவிடும்.

வேலூரில் இது சீனத்தோடு நிற்பதில்லை. சிகிச்சைக்காக மாதக்கணக்கில் லாட்ஜில் தங்கும் வங்காளக் குடும்பங்களின் போனில் வங்காள எழுத்து, சித்தூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்களின் போனில் தெலுங்கு, நம் ஊர்க்காரர்களிலேயே சிலர் போனில் உருது. பக்கத்து அறைக்காரர் வாட்சை நீட்டி இது என்ன என்று கேட்டால் பெயரைப் படிக்க நமக்குத் தெரியாது. ஆனால் அலகைப் படிக்கலாம். மொழி எதுவானாலும் “bpm”, “ms”, “%”, “kcal” போன்றவை பெரும்பாலும் ஆங்கில எழுத்திலேயே நிற்கின்றன. நான் பெயரைவிட அலகையே நம்புவேன்.

“bpm” இருந்தால் இதயத் துடிப்பு. 110-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் நடந்துகொண்டிருந்தபோது எடுத்தது, அறுபது எழுபதில் நாளுக்கு ஒரே எண்ணாக நின்றால் அது ஓய்வுத் துடிப்பு, “Resting Heart Rate”. “%” இருந்து தொண்ணூற்றைந்தைத் தாண்டியிருந்தால் ஆக்ஸிஜன். ஆனால் பேட்டரிக்கும் “%” உண்டு, பக்கத்தில் இருக்கும் படத்தையும் பாருங்கள். “ms” இருந்தால் அது “HRV”, துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பது, மில்லி நொடியில். இதைத் தமிழில் ‘இதயத் துடிப்பு மாறுபாடு’ என்று போட்டுவிட்டால், துடிப்பு ஒழுங்கில்லாமல் அடிக்கிறது என்று வயதானவர்கள் பயந்துபோகிறார்கள். ஒழுங்கற்ற துடிப்பு வேறு விஷயம். இந்த மாறுபாடு ஓரளவு இருப்பது இயல்பு. இதையும் ஒரு கம்பெனி எண்ணோடு இன்னொன்றை ஒப்பிட முடியாது: ஆப்பிள் “SDNN” என்ற முறையில் கணக்கிடுகிறது, ஃபிட்பிட் “RMSSD” என்ற முறையில். ஒரே ஆள் இரண்டையும் கட்டினாலும் இரண்டு எண் வரும். ஒரே வாட்சில் தன் போன வார எண்ணோடு மட்டும் ஒப்பிடலாம்.

எண்ணுக்குள் வரும் காற்புள்ளியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியிலிருந்து வந்த உறவினரின் போனில் 4,02 என்று இருந்தால் அது நம் 4.02. அவர்கள் தசமப் புள்ளிக்குக் காற்புள்ளி போடுவார்கள், ஆயிரத்துக்குப் புள்ளி போடுவார்கள். 6.250 என்று அங்கே எழுதினால் ஆறாயிரத்து இருநூற்றைம்பது காலடிகள்.

எல்லாம் மாற்றி முடித்த பிறகு, சரியாக மாறியதா என்று தெரிந்துகொள்ள நம் சாலைகளிலேயே அளவுகோல் இருக்கிறது. மாநில நெடுஞ்சாலையில் பச்சைத் தலை வைத்த கிலோமீட்டர் கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவில், 200 மீட்டருக்கு ஒன்றாகச் சின்னக் கற்கள் நட்டிருப்பார்கள். மஞ்சள் தலை வைத்த தேசிய நெடுஞ்சாலையிலும் உண்டு, ஆனால் லாரிகள் பறக்கும் அந்த ஓரத்தில் நடக்க வேண்டாம். ஊர்ப் பக்கம் வண்டி குறைவான சாலையில், காலை நேரத்தில், ஒரு கிலோமீட்டர் கல்லில் நின்று வாட்சில் நடையைத் தொடங்கி அடுத்த கிலோமீட்டர் கல்லில் நிறுத்துங்கள். சாலை அகலப்படுத்தியபோது கல்லைத் தள்ளி நட்டிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் 400 மீட்டர் ஓட்டத் தடத்தில் உள்வட்டத்தில் இரண்டரைச் சுற்று. உள்வட்டம் முக்கியம், எட்டாவது ஓட்டப் பாதையில் ஒரு சுற்று 453 மீட்டருக்குப் பக்கம் வந்துவிடும்.

திரையில் 1.00-ஐ ஒட்டி வந்தால் அலகு மாறிவிட்டது. 0.62 வந்தால் வாட்ச் இன்னும் மைலிலேயே இருக்கிறது, சிங்க் ஆகவில்லை. 0.85, 1.15 என்று இரண்டுக்கும் பொருந்தாத எண் வந்தால் அது அலகின் தப்பல்ல. ஜிபிஎஸ் இல்லாத பேண்ட் அடிகளை எண்ணி, ஒரு அடியின் நீளத்தால் பெருக்கித்தான் தூரம் சொல்கிறது. அந்த நீளத்தை உயரத்திலிருந்து ஊகிக்கிறது, தோராயமாக உயரத்தில் 0.41 பங்கு. 168 செண்டிமீட்டர் உயரமானவருக்கு 69, 70 செண்டிமீட்டர் வரும். முட்டி வலியோடு சின்ன அடியாக வைப்பவருக்கு இது கூடுதல். இரண்டு சின்னக் கற்களுக்கு நடுவே வழக்கம்போல நடந்து அடிகளை எண்ணுங்கள். 290 அடி வந்தால் 200-ஐ 290-ஆல் வகுக்க 0.69 மீட்டர். 340 அடி வந்தால் 0.59. ஆப்பில் “Stride length” என்ற கட்டம் இருந்தால் அந்த எண்ணை அங்கே போட வேண்டும். போடுவதற்கு முன் கட்டத்தின் ஓரத்தில் “cm” இருக்கிறதா, “in” இருக்கிறதா என்று பாருங்கள். அங்குலம் என்றால் 59-க்குப் பதிலாக 23.2.